கத்தி ஒண்டும் பன் கட்டும்: எங்கட பாய்க்கு ஏன் பதிவு இல்ல?

மருதமுனைக் கைத்தறி பத்தி எழுதச் சொன்னா ரெண்டு நாளில எழுதிடலாம். சாரனும் சாரியும் எந்தக் கடைக்குப் போச்சு, 1970களில இறக்குமதி கட்டுப்பாட்டுக்குள்ள இருந்த காலத்தில தறி எப்படி ஓடிச்சு, 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்ததும் எப்படி நொந்துபோச்சு எண்டதெல்லாம் யாராவது ஒராள் எங்கயாவது எழுதி வெச்சிருக்காங்க. தறிக்கு நூல் வேணும். நூலுக்குச் சங்கம் வேணும். சங்கத்துக்குக் கணக்குப் புத்தகம் வேணும். அந்தப் புத்தகங்கள்தான் பிறகு வரலாறாகுது.

நான் எழுத வந்தது அதே கரையில, அதே வீடுகளில நடந்த இன்னொரு தொழிலைப் பத்தி. பன்பாய் இழைக்கிறது. கல்முனையில இருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரைக்கும் இந்தக் கரையோரத்தில பாய் இழைக்கத் தெரிஞ்ச ஒரு உம்மும்மாவோ மூத்தம்மாவோ இல்லாத குடும்பம் குறைவு. ஆனா பல்கலைக்கழகத்தில ஒரு ஒப்படைக்காகத் தேடினப்போ, தறிக்குக் கிடைச்சதில பத்தில ஒரு பங்கும் பாய்க்குக் கிடைக்கல்ல. ஏன் எண்டு யோசிச்சன். அந்தக் கேள்விக்கான விடையை எங்கட உம்மும்மா பாய் இழைக்கிற விதத்திலயே கண்டன்.

வாங்க வேண்டியது எதுவும் இல்லாத தொழில்

பன் எண்டது கோரை இனம். தண்டை ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு உருட்டினா மூணு விளிம்பு தட்டுப்படும். உள்ளுக்க வெள்ளையா மெத்தெண்டு சோறு இருக்கும். தண்ணி தேங்கிற பள்ளம், குளத்து ஓரம், வாய்க்கால் கரை, வயலுக்கும் ஊருக்கும் இடைப்பட்ட சதுப்பு எண்டு எங்கயும் தானா முளைக்கும். எங்கட கரையோட அமைப்பே அதுக்கு ஏத்தது. கிழக்கால கடல், அதுக்குப் பக்கத்தில மணலில ஊர், ஊருக்கு மேற்கால தாழ்ந்த நிலம், அதுக்கு அப்பால வட்டை. மார்கழி மழைக்குக் கிட்டங்கிப் பக்கம் ரோட்டுக்கு மேலால வெள்ளம் போறதைப் பார்த்தவங்களுக்கு இந்தத் தாழ்ந்த நிலம் எது எண்டு விளங்கும். வெள்ளம் வடிஞ்ச பிறகு அந்த ஈரத்தில வளர்றதுதான் பன்.

மழை விட்டு வெயில் ஏறின பிறகுதான் வெட்டுவாங்க. எப்ப வெட்டணும் எண்டதிலதான் பாதி வேலை இருக்கு. இளசா வெட்டினா காயக்குள்ள சுருங்கிடும். அப்படிப் பன்னால இழைச்ச பாய் முதல் நாள் நெருக்கமாத் தெரியும், ஒரு மாசத்தில இழைக்கு இழை இடைவெளி விழும். முத்த விட்டு வெட்டினா மடக்கிற இடத்தில வெடிக்கும். உம்மும்மா சோதிக்கிற முறை எளிசு. ஒரு தண்டை எடுத்துப் பெருவிரல் நகத்துக்கு மேலால மடக்கிப் பார்ப்பா. வெள்ளைக் கோடு விழுந்து முறிஞ்சா அது முத்தல். மடங்கி அப்படியே துவண்டு கிடந்தா இளசு. மடங்கிட்டு விரலை எடுத்ததும் கொஞ்சம் நிமிர்ந்தா அதுதான் பதம்.

வெட்டினதை நீளம் பார்த்துத் தரம் பிரிச்சு, பூத் தலையைத் தறிச்சு, தடிச்ச தண்டை நீளவாக்கில கத்தியால கீறி வெயிலில போடுவாங்க. ரெண்டு மூணு நாள் நல்ல வெயில் வேணும். இடையில ஒரு மழை பட்டாலோ, இரவுப் பனியில விட்டாலோ கறுத்த புள்ளி விழும். அந்தப் பூஞ்சணம் பிறகு போகாது, பாயை விரிச்சா புழுங்கின மணம் வரும். உம்மும்மா பாய் வாங்கக்குள்ள முதல்ல மூக்குக்குக் கிட்ட கொண்டுபோறது இதுக்குத்தான். ரெண்டாவதா அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பா. ஒளி ஊசி ஊசியா வந்தா, ஈரத்தோட அவசரமா இழைச்ச பாய் அது.

ஈரம் எண்டு சொன்னது ஏன் எண்டா, காய்ஞ்ச பன்னை அப்படியே இழைக்க ஏலாது, முறியும். தண்ணி தெளிச்சுப் பதமாக்கித்தான் இழைக்கணும். தண்ணி பட்டா பன் கொஞ்சம் ஊதும், காய்ஞ்சா திரும்பச் சுருங்கும். அதனால இண்டைக்கு இழைச்ச பகுதியை நாளைக்குக் காலையில விரல் நுனியால திரும்ப நெருக்கி விட்டுத்தான் அடுத்த பகுதியைத் தொடங்குவாங்க. இந்த ஒரு வேலையை விட்டா பாய் கெட்டுப் போகும்.

சாயம் போடுறதெண்டா ஒரு பானையில கொதிக்க வெச்சு அவிக்கணும். மத்தபடி தறி இல்ல, ஊசி இல்ல, நூல் இல்ல. இழைக்கிற ஆள் இழைச்ச பகுதிக்கு மேலயே குந்தி இருக்கிறா. அவட உடம்புப் பாரம்தான் பாயை இழுத்துப் பிடிக்கிற கருவி. அளவுக்குச் சாணும் முழமும் இருக்கு. ஒரு கத்தியைத் தவிர காசு குடுத்து வாங்கினது எதுவும் இல்ல. நூல் வாங்காத தொழிலுக்குச் சங்கம் தேவைப்படல்ல. சங்கம் இல்லாததால கணக்குப் புத்தகமும் இல்லாமப் போச்சு. பாய்க்குப் பதிவு இல்லாம போனதுக்கு முதல் காரணம் இதுதான்.

ஒரு பாயில எத்தனை தாண்டல்?

பதிவு இல்லாட்டி என்ன, பாய் இருக்குதே எண்டு ஒரு நாள் உம்மும்மாட பழைய பாயை விரிச்சு வெச்சு அளந்தன். நீளம் 6 அடி, அகலம் 3 அடி. ஒரு இழை சராசரி கால் அங்குலம்.

பாய் எண்டது ரெண்டு அடுக்கு இழை. ஒண்டுக்குக் குறுக்கால மற்றது போகுது. 18 சதுர அடிப் பாய்க்கு ரெண்டு அடுக்கும் சேர்த்து 36 சதுர அடி இழை வேணும். கால் அங்குல அகலத்தில அதை நீட்டினா 1,728 அடி வருது. ஒரு இழையில நாலடி பாவிக்கலாம் எண்டு வெச்சா 432 இழை. ஓரம் மடக்க, நீளத்துக்குத் தொடுக்க எண்டு சேர்த்தா 500க்குக் கிட்ட. ஒரு தண்டைக் கீறினா ரெண்டு இழை எண்டு வெச்சாலும் 250 தண்டு. ஒரு பாய்க்கு.

அடுத்தது இழைகள் ஒண்டை ஒண்டு தாண்டுற இடம். ஒரு சதுர அங்குலத்தில 16 தாண்டல். பாய் முழுக்க 41,472. ஒரு தாண்டலுக்கு ஒரு செக்கன் எண்டு கணக்குப் போட்டா 11 மணித்தியாலமும் 31 நிமிசமும் வருது. இதை உம்மும்மாக்குச் சொன்னன். "சமைச்சு, புள்ளையளப் பாத்து, தொழுது, மறுகா இருந்து இழைச்சா மூணு நாள் போகும் மகள். நீ சொல்ற கணக்குச் சரிதான்" எண்டா.

இனி அதே பாயை அரைக்கால் அங்குல இழையில இழைச்சா என்ன ஆகும்? இழை ரெண்டு மடங்கு ஆகும். தாண்டல் நாலு மடங்கு ஆகும். 1,65,888. நேரம் 46 மணித்தியாலம். கலியாண வீட்டுக்கு, மாப்பிள்ளை வந்து இருக்கிறதுக்கு எண்டு இழைக்கிற மெல்லிய பாய்க்கும், நெல்லுக் காயப் போடுற பாய்க்கும் உள்ள வித்தியாசம் இந்த நாலு மடங்குதான். ரெண்டையும் ஒரே கை இழைக்கிறது, பன்னும் ஒரே பள்ளத்தில வெட்டினது. ஆனா வாங்க வாறவர் ரெண்டையும் பாய் எண்டுதான் பார்க்கிறார்.

விலையைப் பார்ப்பம். உதாரணத்துக்குச் சாதாரணப் பாய் 1,500 ரூபாவுக்குப் போகுதெண்டு வையுங்க. வெட்ட, கீற, காயப்போட, தரம் பிரிக்க, ஓரம் மடக்க எண்டு இன்னும் ஏழரை மணித்தியாலம் சேர்த்தா மொத்தம் 19. மணித்தியாலத்துக்கு 79 ரூபா. மெல்லிய பாய்க்குக் கீறல் வேலையும் இரட்டிக்கும், மொத்தம் 60 மணித்தியாலம் வரும். அதே 79 ரூபா கிடைக்கணுமெண்டா அதை 4,740 ரூபாவுக்கு விக்கணும். கடைக்காரர் சாதாரணப் பாயை விட ரெண்டு மடங்கு குடுத்தாலே பெரிய காரியம் செஞ்ச மாதிரிப் பேசுவார். அதனால நல்லா இழைக்கத் தெரிஞ்ச ஆள் தன்ட நல்ல வேலையைச் செய்யச் செய்ய நட்டப்படுறா. அடுத்த தலைமுறை முதல்ல விட்டது மெல்லிய பாயை எண்டா அதுக்குக் காரணம் சோம்பல் இல்ல.

தமிழ்நாட்டில திருநெல்வேலிக்குக் கிட்ட பத்தமடையிலும் முஸ்லிம் குடும்பங்கள்தான் கோரைப் பாய் நெய்றாங்க. அங்க நிலத்தில கிடத்தின தறி இருக்கு, பருத்தி நூல் பாவு இருக்கு, கோரையைத் தாமிரபரணி ஆத்தில ஊறப்போட்டு மயிர் மாதிரிக் கீறுறாங்க. அந்த நெருக்கத்துக்கு ஒரு பேர் கிடைச்சிது. 1953இல எலிசபெத் மகாராணிட முடிசூட்டுக்குப் போன பாய் எண்டு சொல்லிச் சொல்லியே வளர்ந்த பேர் அது, பிறகு புவிசார் குறியீடும் வந்துது. அவங்களுக்கும் கஷ்டம் இல்லாமல் இல்ல. ஆனா மெல்லிய பாய்க்குத் தனி விலை எண்ட எண்ணம் வாங்குறவங்கட தலைக்குள்ள ஏறிட்டுது. எங்கட பாய்க்கு ஏறல்ல.

மகள் போகாத வீடு

மணித்தியாலம் 79 ரூபாவுக்கு ஒரு தொழில் எப்படி இத்தனை தலைமுறை நிண்டுது? இதுக்கு விடை எங்கட குடும்ப அமைப்பில இருக்கு. கிழக்கில, முஸ்லிம்களுக்கும் தமிழருக்கும் பொதுவா, கலியாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொண்டாட்டி வீட்டுக்குப் போறார். வீடு மகளுக்குச் சீதனம். குடியும் தாய் வழியாத்தான் வருது. அக்கரைப்பற்றில 1969இல இருந்து ஆய்வு செஞ்ச டெனிஸ் மக்கில்வ்ரே இந்த முறையைத்தான் தன்ட 2008ஆம் ஆண்டுப் புத்தகத்தில விரிவா எழுதினார்.

பாயோட சேர்த்து இதைப் பார்த்தா ஒரு விசயம் தெளிவாகும். ஒரு வளவுக்குள்ள உம்மும்மா, உம்மா, சாச்சிமார், ராத்தா, தங்கச்சி எல்லாரும் வாழ்நாள் முழுக்க ஒண்டா இருக்காங்க. யாரும் புருசன்ட ஊருக்குப் போகல்ல. ஒராள் தொடங்கின பாயை அவ அடுப்படிக்குப் போகக்குள்ள மற்றவ இழைக்கலாம். புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கத் தனி வகுப்பு வேணாம். முதல்ல ஓரம் மடக்கக் குடுப்பாங்க, பிறகு நடுவுல ஒரு சாண், பிறகு தொடக்கம். தொடக்கம் போடத் தெரிஞ்சாத்தான் பாய் இழைக்கத் தெரியும் எண்டு அர்த்தம், ஏனெண்டா முதல் பத்து இழை கோணினா முழுப் பாயும் கோணும். கடைசியில தண்ணி தெளிச்சு இழுத்தாலும் அது நேராகாது.

இந்த வளவுதான் பாய்க்குத் தொழிற்சாலை. அங்க யாரும் மணித்தியாலத்தைக் கணக்குப் பார்க்கல்ல. சமையலுக்கும் தொழுகைக்கும் நடுவுல வந்த நேரம் எண்டுதான் நினைச்சாங்க. பாய் யாவாரி வீட்டு வாசலுக்கு வந்து எடுத்துட்டுப் போவார், இல்லாட்டி வாப்பாவோ காக்காவோ கல்முனை பசாருக்குக் கொண்டுபோவாங்க. கடைப் பக்கம் இருந்து பார்த்தா பாயை வித்தது ஒரு ஆம்பிளை. இழைச்சவட பேர் கடை வரைக்கும் போகல்ல. பதிவு இல்லாம போனதுக்கு ரெண்டாவது காரணம் இது.

எது முதல்ல போச்சு?

பிளாஸ்டிக் பாய் வந்து பன்பாயைக் கொண்டுட்டுது எண்டுதான் எல்லாரும் சொல்றம். அது உண்மை, ஆனா கதைட கடைசிப் பகுதி. உம்மும்மாக்கிட்ட "எப்ப விட்டீங்க?" எண்டு கேட்டப்போ, அவ பிளாஸ்டிக்கைச் சொல்லல்ல. "பன் இல்லாமப் போச்சு புள்ள" எண்டா.

1949இல கல்லோயாத் திட்டம் தொடங்கிச்சு. இங்கினியாகலையில அணை கட்டினதும் கீழ்ப்பக்கத் தண்ணி கட்டுப்பாட்டுக்கு வந்துது. நெல்லுக்கு அது நல்லது. ஆனா வெள்ளம் வந்து தேங்கி வடியிற பள்ளத்தில வாழ்ற பன்னுக்கு அது நல்லதில்ல. பள்ளங்கள் வயலாச்சு. பிறகு களைக்கு மருந்தடிக்கிற காலம் வந்துது. நம்மட வயல்காரர் தாராளமாப் பாவிச்ச எம்.சி.பி.ஏ அகல இலைக் களையையும் கோரையையும் கொல்ற மருந்து. பன்னும் கோரைதான். வயலுக்குள்ள இருந்து பார்த்தா அது களை, வீட்டுக்குள்ள இருந்து பார்த்தா அது மூலப்பொருள். மருந்தை வாங்கினது ஆம்பிளை, பன்னை வெட்டினது பொம்பிளை, ரெண்டு பேரும் ஒரே வீட்டில இருந்தும் இது பேச்சுக்கு வரல்ல. உம்மும்மாட உம்மா பன் வெட்டின இடம் முதல்ல வயலாகி, பிறகு மண் போட்டு நிரப்பி, இப்ப வீடுகளா நிக்குது.

மறுகா யுத்தம். 1990க்குப் பிறகு எத்தனையோ வருசம் எங்கட ஆக்கள் மேற்கால சொந்த வயலுக்கே பயமில்லாமப் போக ஏலாம இருந்தாங்க. வயலுக்குப் போக ஏலாத காலத்தில சதுப்புக்குப் பொம்பிளையள் எப்படிப் போறது? ஊர் எல்லைக்குள்ள கிடைச்ச பன்னோட தொழில் சுருங்கிச்சு. அதே காலத்தில மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போற வழியும் திறந்து கிடந்துது. பாயில மூணு நாள் இருக்கிறதை அந்தச் சம்பளத்தோட ஒப்பிட ஏலாது. மகள் தாய் வீட்டை விட்டுப் போகாத அமைப்பில, முதல் முறையா ஒரு தலைமுறை மகள்மார் வருசக்கணக்கா வீட்டில இல்லாமப் போனாங்க. சொல்லிக் குடுக்கிற சங்கிலி அறுந்தது அங்கதான்.

2004 டிசம்பர் 26. அம்பாறை மாவட்டத்தில மட்டும் 10,000க்கும் மேல ஆக்கள் மௌத்தானாங்க. நாட்டில அதிகம் பேர் இறந்தது எங்கட மாவட்டத்திலதான். உம்மும்மாட வீடும் போச்சு. பிறகு இழப்புக்கு விவரம் எடுக்க வந்தவங்க தொழில் உபகரணம் என்ன போச்சு எண்டு கேட்டிருக்காங்க. தறி வெச்சிருந்தவங்க தறி எண்டு சொன்னாங்க, தோணி வெச்சிருந்தவங்க தோணி, வலை எண்டு சொன்னாங்க. உம்மும்மா "கத்தி" எண்டு சொல்ல வெட்கப்பட்டுப் பேசாம இருந்துட்டா. கீறிக் காயவெச்ச மூணு கட்டுப் பன்னும் பாதி இழைச்ச பாயும் தண்ணியோட போனதைச் சொல்ல அந்தப் படிவத்தில இடமும் இல்ல. கொஞ்ச நாளில உதவிப் பொதி வந்துது. அதுக்குள்ள சட்டி, போர்வை, அதோட சுருட்டின பிளாஸ்டிக் பாய் ஒண்டும். வாழ்நாள் முழுக்கப் பாய் இழைச்ச மனிசி முதல் தடவையா யாரோ குடுத்த பாயில படுத்தது அந்த முகாமிலதான்.

இதைச் சேர்த்துப் பார்த்தா எனக்கு விளங்குறது இதுதான். பன்பாய் இத்தனை காலம் நிண்டது அது எதையும் காசு குடுத்து வாங்காததால. அழிஞ்சதும் அதே காரணத்தாலதான். பன் யாருக்கும் சொந்தமில்லாததால சதுப்பை நிரப்பக்குள்ள கேட்க ஆள் இல்ல. மணித்தியாலத்துக்கு விலை போடாததால விலை ஏற வழி இல்ல. கருவி இல்லாததால இழப்புப் பட்டியலில இடம் இல்ல.

இப்ப உம்மும்மா வயர் கூடை பின்னுறா. கல்முனையில ஒரு கடையில வயர் கட்டு வாங்கித் தருவாங்க, பின்னிக் குடுத்தா கூலி. கூடையை வாங்கினப்போ அடியைத் திருப்பிப் பார்த்தன். தொடக்கம் நேராப் போட்டிருந்தா, ஓரத்தை உள்ளுக்க மடக்கிச் செருகியிருந்தா, பாயில செய்யிற மாதிரியே. ஒரு வித்தியாசம். கூடைப் பக்கத்தில ஒரு சின்னக் கொப்பி கிடந்துது. எத்தனை கட்டு வயர், எத்தனை கூடை, எவ்வளவு காசு எண்டு என்ட தங்கச்சி எழுதிக் குடுக்கிறா. வயருக்குக் காசு குடுக்கிறதால கணக்கு வேணுமாம்.

கடைசிப் பக்கத்தில நான் 41,472 எண்டு எழுதி, கீழ உம்மும்மாட பேரையும் எழுதிட்டு வந்தன்.